பணம் கட்டுபவன் மூன்றாம் ஆள் அல்ல

அரசும் தனியாரும் சேர்ந்து உருவாக்கும் சாலைகளைப் பற்றி இதே இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் நான்கு வாதங்களை முன்வைக்கிறார். சாலைக்குப் போட்ட பணம் தனியாருடையது, எனவே அவர்கள் கணக்கைக் கேட்கப் பொதுமக்களுக்கு உரிமை கிடையாது என்பது முதல் வாதம். ஒப்பந்தமும் அதைக் கண்காணிக்கும் பொறியாளரும் இருக்கும்போது வேறு கண்காணிப்பு தேவையில்லை என்பது இரண்டாவது. தகவல் உரிமைச் சட்டத்தையும் தணிக்கையையும் உள்ளே விட்டால் முதலீடு ஓடிவிடும் என்பது மூன்றாவது. பிடிக்காதவர்கள் வேறு சாலையில் போகட்டும், இல்லையென்றால் தேர்தலில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது நான்காவது.

நான் வடக்கனந்தலில் இருந்து எழுதுகிறேன். கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணைக்குப் பக்கத்தில் உள்ள பேரூர் இது. இங்கே விளையும் மரவள்ளி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போக வேண்டும். மேல்சிகிச்சைக்குச் சேலத்துக்குப் போகச் சொன்னால் நோயாளியும் அந்த வழியில்தான் போக வேண்டும். கள்ளக்குறிச்சியைத் தொட்டுவிட்டால் அதன் பிறகு எல்லாருக்கும் ஒரே சாலை: சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. முன்பு தேசிய நெடுஞ்சாலை 68, இப்போது 79. சுமார் 136 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையைக் கட்டி, நடத்தி, கட்டணம் வசூலித்து, பிறகு ஒப்படைக்கும் உரிமை 2008இல் 25 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் குழுமத்தின் எஸ்.யு. டோல் ரோடு நிறுவனம் அந்த உரிமையைப் பெற்றது. மேட்டுப்பட்டி, நத்தக்கரை, மாடூர் ஆகிய மூன்று இடங்களில் சுங்கச்சாவடிகள் நிற்கின்றன. கட்டுரையாளரின் நான்கு வாதங்களையும் இந்தச் சாலையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை.

பணம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு கட்டணச் சாலைக்கு முதலில் நிலம் வேண்டும். அதை 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி அரசு கையகப்படுத்தித் தருகிறது. விவசாயி விற்க மறுத்தாலும் நிலம் போய்விடும். எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் சொந்தமாக இந்த அதிகாரம் இல்லை. அடுத்தது மானியம். கட்டண வருமானம் மட்டும் போதாது என்று கருதப்படும் திட்டங்களுக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடு வரை அரசு மானியம் தர விதிகள் இடம் தருகின்றன. அதற்கு மேல் கடன். இதில் பெரும்பங்கு வங்கிகளிடமிருந்து வருகிறது. அந்த வங்கிகளில் பல பொதுத்துறை வங்கிகள். அவற்றில் இருப்பது நம் ஊர் மக்கள் போட்டு வைத்திருக்கும் சேமிப்பு.

அந்தக் கடன் முங்கிவிட்டால் நட்டம் யாருக்கு? திட்டக்குழு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. சாலை திறந்த பிறகு நிறுவனமே ஒப்பந்தத்தை மீறி, அதனால் ஒப்பந்தம் முறிந்தாலும், காப்பீட்டுத் தொகையைக் கழித்துவிட்டு நிலுவைக் கடனில் 90 விழுக்காட்டை நெடுஞ்சாலை ஆணையம் கொடுக்க வேண்டும். தவறு ஆணையத்துடையது என்றால் முழுக் கடனோடு, பங்கு முதலீட்டில் ஒன்றரை மடங்கும் சேரும். எதிர்பார்த்த அளவுக்கு வண்டிகள் வராவிட்டாலும் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு உண்டு. குறிப்பிட்ட ஆண்டில் போக்குவரத்து இலக்கைவிடக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் உரிமைக்காலம் ஒன்றரை விழுக்காடு நீளும். வண்டிகள் இலக்கைத் தாண்டினால் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் முக்கால் விழுக்காடுதான் குறையும். நீட்டிப்பு 20 விழுக்காடு வரை போகலாம். குறைப்பு 10 விழுக்காட்டோடு நின்றுவிடும். நட்டம் வந்தால் நாம் கூடுதல் ஆண்டுகள் கட்ட வேண்டும். லாபம் கூடினால் நமக்குக் கிடைப்பது அதில் பாதி. இப்படி ஒரு ஏற்பாட்டில் பொதுமக்களின் பணத்துக்கு இடமே இல்லை என்று ஒருவர் எழுதினால், அவர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். சாவடியில் வாங்கும் பணம் கடைக்காரர் சொல்லும் விலை போன்றதல்ல. அது சட்டத்தின் பெயரால் விதிக்கப்படும் கட்டணம். வசூலித்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தனியாருக்குத் தர 1995இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 8அ என்ற பிரிவைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கட்டண விகிதத்தை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கிறது. கட்டாமல் போக அனுமதி இல்லை. அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணம் வாங்கும் நிறுவனம், கணக்குக் கேட்டால் மட்டும் தனியாராக மாறிவிட முடியாது.

இரண்டாவது வாதம்தான் இவற்றில் ஆபத்தானது, ஏனென்றால் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது, அதில் பராமரிப்பு விதிகள் இருக்கின்றன, சுயேச்சைப் பொறியாளர் ஒருவர் மாதந்தோறும் பார்த்து அறிக்கை தருகிறார், மீறினால் அபராதம் உண்டு, வேறு என்ன வேண்டும் என்கிறார் கட்டுரையாளர்.

ஒப்பந்தத்தில் இருப்பதைச் செய்தார்களா என்று மட்டுமே அந்தப் பொறியாளர் பார்க்க முடியும். ஒப்பந்தத்தில் வைக்க வேண்டியதை வைத்தார்களா என்று கேட்பது அவர் வேலையல்ல. இதை நம் சாலையே உயிர்ப்பலி வாங்கிக் காட்டியிருக்கிறது. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை நால்வழிச்சாலை என்றார்கள். ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை உள்ளிட்ட எட்டு இடங்களில் புறவழிச்சாலையை இருவழியாக மட்டுமே போட்டார்கள். நடுவில் தடுப்புடன் நால்வழியில் வரும் ஓட்டுநருக்கு எதிரே வண்டி வராது என்ற நினைப்பு உடம்பில் பதிந்துவிடும். முந்திச் செல்லும்போது அவர் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பைபாஸ் தொடங்கும் இடத்தில் நடுத்தடுப்பு முடிந்தது, வேகம் மட்டும் குறையாமல் வந்தது. இரவில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் முன்னால் போனால், அதைத் தாண்ட வலப்பக்கம் ஏறியவர் எதிரே வந்த பேருந்தின் முகத்தில் மோதினார். இந்த பைபாஸ்களில் நேருக்கு நேர் மோதிச் செத்தவர்கள் இந்த வட்டாரத்தில் எல்லா ஊரிலும் உண்டு.

கட்டுரையாளர் நம்பும் ஒப்பந்தப் பொறுப்பு இங்கே என்ன செய்தது? நிறுவனம் தன் வேலை எல்லையைக் காட்டலாம்: எங்களிடம் இருவழி போடச் சொன்னார்கள், போட்டோம். ஆணையம் அன்றைய போக்குவரத்துக் கணிப்பைக் காட்டலாம். மாநில அரசு இது மத்திய அரசின் சாலை என்று ஒதுங்கிக்கொள்ளலாம். மூவரும் ஒப்பந்தப்படி சரியாக இருந்திருக்கலாம், அப்படியிருந்தும் மனிதர்கள் செத்தார்கள். எந்த ஊரின் பைபாஸை எத்தனை வழியாகப் போடுவது என்று முடிவெடுத்த நாளில் அந்த ஊர்க்காரர் ஒருவராவது அந்த அட்டவணையைப் பார்த்திருந்தால், இது ஆளைக் கொல்லும் என்று அன்றே சொல்லியிருப்பார். அவருக்கு அதைக் காட்ட யாருக்கும் கடமை இல்லாமல் போனது. கட்டணம் வாங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே பைபாஸ்களை அகலப்படுத்தும் பேச்சு எடுக்கப்பட்டது.

கட்டணத்திலும் இதே கேள்வி நிற்கிறது. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி இருவழிச் சாலைக்கான கட்டணம் நால்வழிச் சாலையின் கட்டணத்தில் 60 விழுக்காடு. புறவழிச்சாலைக்கும் பாலங்களுக்கும் தனி விகிதங்களும் உண்டு. அப்படியானால் இருவழியாகக் கிடந்த அத்தனை கிலோமீட்டருக்கும் எந்த விதியின்கீழ், எந்த விகிதத்தில் நம்மிடம் வாங்கினார்கள்? சரியாகவே வாங்கியிருக்கலாம். ஆனால் மாடூரில் பணம் கட்டும் லாரிக்காரருக்கு அந்தக் கணக்கைக் காட்ட யாரும் இல்லை. கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கும் விவசாயிக்கு எடைமேடையில் சீட்டுக் கொடுக்கிறார்கள், அதைப் பார்த்து அவர் சண்டை போடவும் செய்கிறார். கால் நூற்றாண்டுக்கு ஒரு நாட்டின் சாலையில் வசூலிப்பவர்களிடம் அந்த ஒரு சீட்டைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா?

மாதிரி ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியில் மூன்றாம் தரப்பினர் பற்றி ஒரு விதி இருக்கிறது. இந்த ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களின் நன்மைக்கு மட்டுமே, இதில் சேராத எவருக்கும் இதன்கீழ் எந்தக் கடமையும் பொறுப்பும் எழாது என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்கள் ஆணையமும் நிறுவனமும். நிலம் கொடுத்தவர், கட்டணம் கட்டுபவர், பைபாஸில் அடிபட்டுச் செத்தவர் எல்லாரும் மூன்றாம் ஆள். சுயேச்சைப் பொறியாளருக்கான ஊதியத்தில் பாதியை நிறுவனமும் மீதியை ஆணையமும் ஏற்கின்றன. அவருடைய அறிக்கை போவது அந்த இருவரிடம். கட்டுரையாளர் பெருமையாகக் காட்டும் பொறுப்பு முழுவதும் இந்த இருவருக்குள்ளேயே சுற்றி வருகிறது. பணம் கட்டுபவனை வெளியே நிறுத்திவிட்டு அதற்குப் பொறுப்புடைமை என்று பெயர் வைப்பது நேர்மையற்ற வாதம்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அதே மாதிரி ஒப்பந்தத்தில் குடிமக்களுக்கென்று இரண்டு கதவுகளும் இருக்கின்றன. கட்டுரையாளர் அவற்றைக் குறிப்பிடவே இல்லை.

முதலாவது ஆவணங்களைக் காட்டும் கடமை. ஒப்பந்தத்தின் பிரதி, பராமரிப்புக் கையேடு, பராமரிப்புத் திட்டம், பராமரிப்புத் தேவைகள் ஆகியவற்றை ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் யார் வந்து கேட்டாலும் இலவசமாகப் பார்க்கத் தர வேண்டும். நகல் கேட்டால் அதற்கான செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். சாலைப் பாதுகாப்பு தொடர்பான ஆவணங்களும் தகவல்களும் இதில் அடங்கும். இந்த வசதி உண்டு என்று சாவடியில் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

இரண்டாவது புகார்ப் பதிவேடு. ஒவ்வொரு சாவடியிலும் மக்கள் தொடர்பு அலுவலகம் வைத்து, எந்த நேரமும் யாரும் புகார் எழுதும்படி பதிவேட்டைத் திறந்து வைக்க வேண்டும். எழுதியவருக்கு எண்ணிட்ட ரசீது தர வேண்டும். தினமும் அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டும். மாதம் முடிந்த ஏழு நாட்களுக்குள் புகார்கள் எழுதப்பட்ட பக்கங்களின் ஒளிநகலை ஆணையத்துக்கும் சுயேச்சைப் பொறியாளருக்கும் அனுப்ப வேண்டும்.

இந்தப் பதிவேட்டின் வலிமை எங்கே இருக்கிறது என்றால், பராமரிப்பு அட்டவணை ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. மாதிரி ஒப்பந்தத்தில் சாலைக்குழிக்குக் கெடு 48 மணி நேரம். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் சராசரி தினசரிக் கட்டண வருமானத்தில் அரை விழுக்காடு, அல்லது பழுதுபார்ப்புச் செலவில் 0.1 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது நட்டஈடு. குழி எந்தத் தேதியில் இருந்தது என்பதற்கு நம் கையில் எழுத்துச் சாட்சி இருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட முடியும். சாட்சி இல்லாவிட்டால் குழி அன்றைக்குத்தான் விழுந்தது என்று சொல்லித் தப்பிவிடலாம். ஒப்பந்தமே போதும் என்கிற கட்டுரையாளர், ஒப்பந்தம் குடிமகனுக்குத் தரும் இந்த இரண்டு உரிமைகளும் சாவடிகளில் நடைமுறையில் இருக்கின்றனவா என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவருடைய நம்பிக்கைக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

மூன்றாவது வாதத்துக்கு அவர் விஜய் கேல்கர் குழுவைத் துணைக்கு அழைக்கிறார். அரசு–தனியார் கூட்டுத் திட்டங்களைச் சீரமைக்க அமைக்கப்பட்ட அந்தக் குழு 2015 நவம்பரில் அறிக்கை தந்தது. அரசின் பங்கு பாதிக்கும் குறைவாக உள்ள திட்ட நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களை வழக்கமான அரசுத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டாம் என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆனால் ஒரு குழுவின் கருத்து சட்டமாகிவிடாது. அந்த அறிக்கை வருவதற்கு முந்தைய ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறு திசையில் பேசிவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அலைக்கற்றை என்ற பொதுச் சொத்தைப் பயன்படுத்தி வருமானம் ஈட்டி, அதில் ஒரு பங்கை அரசுக்குத் தருகின்றன. எனவே அந்த வருமானக் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கலாம் என்று 2014 ஏப்ரலில் தீர்ப்பானது. டெல்லி மின்விநியோக நிறுவனங்களின் வழக்கில் 2015 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் தணிக்கை உத்தரவை ரத்து செய்தது என்பதும் உண்மை. சட்டம் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. அந்தக் குழப்பத்தை மக்கள் பக்கம் தீர்ப்பதா, மறைப்பவர்கள் பக்கம் தீர்ப்பதா என்பதே கேள்வி. கட்டுரையாளர் இரண்டாவது பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மறைவாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. பாலச்சாலை சாட்சி. நொய்டா வளர்ச்சி ஆணையமும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனமும் நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனியும் 1997இல் ஒப்பந்தம் போட்டன. 2001இல் சாலை திறக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் ஒரு சூத்திரம் இருந்தது: மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 விழுக்காடு வருமானம் நிறுவனத்துக்குக் கிடைக்க வேண்டும். எந்த ஆண்டில் அவ்வளவு கிடைக்கவில்லையோ, அந்தக் குறை திட்டச் செலவோடு சேர்ந்துவிடும்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். செலவு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 20 ரூபாய் வர வேண்டும், செலவு போக 10 வந்தது. மீதி 10 சேர்ந்து திட்டச் செலவு 110 ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு 22 வர வேண்டும், 12 வந்தால் செலவு 120. மக்கள் இரண்டு ஆண்டில் 22 ரூபாய் கட்டிய பிறகு, தீர்க்க வேண்டிய தொகை 20 ரூபாய் ஏறியிருக்கிறது. இந்த வேகத்தில் கட்டிக்கொண்டே போனாலும் கடன் தீராது, ஆண்டுக்கு ஆண்டு ஏறும். செலவு மீளும்வரை வசூல் என்ற நிபந்தனை, எப்போதும் வசூல் என்று பொருள்படத் தொடங்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்தது ஒப்பந்தத்தைக் கண்காணித்த எந்தப் பொறியாளரும் இல்லை. நொய்டா குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 2016 அக்டோபர் 26 அன்று உயர் நீதிமன்றம் கட்டண வசூலை நிறுத்தியது. மேல்முறையீட்டின்போது உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்கும்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டது. 2024 டிசம்பர் 20 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது: செலவையும் கணிசமான லாபத்தையும் நிறுவனம் எடுத்துவிட்டது, வசூலைத் தொடர நியாயம் இல்லை. போட்டி ஏலம் இல்லாமல் ஒப்பந்தம் கொடுத்ததையும் நீதிமன்றம் கண்டித்தது. ஒரு கணக்குப் புத்தகம் திறக்கக் குடிமக்கள் 12 ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. நொய்டாவின் சங்கங்களுக்கு வழக்கறிஞர் வைக்கப் பணம் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வருபவருக்கு அது இருக்காது.

தணிக்கை தனியாருக்கு எதிரான ஆயுதம் என்று கட்டுரையாளர் பயமுறுத்துகிறார். தென்னிந்தியாவின் 5 மாநிலங்களில் 41 சுங்கச்சாவடிகளை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023இல் வெளிவந்தது. சாலையைப் பயன்படுத்துவோரிடம் விதிகளுக்குப் புறம்பாக 132.05 கோடி ரூபாய் வாங்கப்பட்டிருக்கிறது என்று அது சொன்னது. அங்கே சுட்டிக்காட்டப்பட்டது நெடுஞ்சாலை ஆணையம். தணிக்கை யார் மீறினாலும் சொல்லும். அதனால்தான் அது வேண்டும். நேர்மையாகத் தொழில் நடத்தும் நிறுவனத்துக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. தணிக்கையைக் கண்டால் மட்டும் ஓடிவிடும் முதலீடு எதற்காக ஓடுகிறது என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் அவர் தவறாகவே எழுதியிருக்கிறார். நிறுவனம் பொது அதிகார அமைப்பு அல்ல என்பதால் அதன் தகவலைக் கேட்கவே முடியாது என்கிறார். 2005ஆம் ஆண்டின் சட்டத்தில் தகவல் என்பதற்கான விளக்கத்திலேயே, வேறொரு சட்டத்தின்படி பொது அதிகார அமைப்பு பெறக்கூடிய தனியார் அமைப்பின் தகவலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாதிரி ஒப்பந்தத்தின்படி மாதாந்திரக் கட்டண வசூல் அறிக்கையும், தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கும், பொறியாளரின் அறிக்கையும் நெடுஞ்சாலை ஆணையத்தின் கைக்கு வந்து சேர்கின்றன. ஆணையம் பொது அதிகார அமைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனவே கேட்க வேண்டிய இடம் ஆணையம். வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருக்கும்போது கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமான பிறகு ஒவ்வொரு வண்டியும் கடக்கும் நொடியே பதிவாகிறது. தினசரி வசூலை வெளியிடக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. ரகசியம் என்று சொல்ல அங்கே தொழில்நுட்பமும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. இருப்பது நாம் கட்டிய பணத்தின் கூட்டுத்தொகை.

நான்காவது வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. வேறு சாலையில் போகலாம் என்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்குச் சரக்கு லாரி போகக்கூடிய இன்னொரு நெடுஞ்சாலையை அவர் காட்டட்டும். போட்டியாக இன்னொரு சாலையைக் குறிப்பிட்ட காலத்துக்கு அரசே போடக் கூடாது என்ற விதியும் மாதிரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாற்றுவழி வராமல் தடுத்துவிட்டு, மாற்றுவழியில் போகச் சொல்வது அறிவுள்ளவர் செய்யும் வாதம் இல்லை. தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். 25 ஆண்டுகளில் ஐந்து மக்களவைகள் வந்து போகும். யார் வென்றாலும் முதல் அரசு போட்ட கையெழுத்து அவர்களைக் கட்டும். உரிய இழப்பீடு தராமல் அதை விட முடியாது. வாக்குச்சீட்டால் மாற்ற முடியாத ஒரு முடிவை எடுக்கும்போது, முடிவெடுக்கும் முன்பே மக்களுக்குக் காட்ட வேண்டிய கடமை இரட்டிப்பாகிறது.

தனியார் சாலை போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நால்வழியில் சேலம் போக ஆகும் நேரம் குறைந்திருப்பது எனக்கும் தெரியும். அரசே கட்டி அரசே பராமரித்த சாலைகள் கிடந்த கதியையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. எங்கள் சண்டை கூட்டோடு இல்லை. அரசும் தனியாரும் கைகோத்தவுடன் இருவரிடமிருந்தும் பொறுப்பு நழுவிப்போகும் ஏற்பாட்டோடு எங்கள் சண்டை. அந்த ஏற்பாட்டுக்கு அறிவுச் சாயம் பூசும் கட்டுரைகளோடும் சண்டை.

கேட்பது நான்கு. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், எந்த ஊரில் எத்தனை வழி, எங்கே பாலம், எங்கே சுரங்கப்பாதை என்ற அட்டவணையைத் தமிழில் அந்தந்த ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு சாவடியின் மாத வசூலும், இதுவரை மீண்ட செலவும், மீதியுள்ள காலமும் சாவடியிலேயே பலகையில் எழுதப்பட வேண்டும். இணையத்தில் tis.nhai.gov.in தளம் இருக்கிறது என்பதால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. சுயேச்சைப் பொறியாளரின் மாத அறிக்கை வெளியாக வேண்டும். கட்டணம் வசூலிக்கும் எந்த நிறுவனத்தின் வருமானக் கணக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்குத் திறந்திருக்கும் என்று சட்டமே சொல்ல வேண்டும்.

இவை வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. மாடூர் வழியாகவோ நத்தக்கரை வழியாகவோ போகிறவர்கள் ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒப்பந்தத்தின் படியையும் பராமரிப்பு அட்டவணையையும் பார்க்கக் கேளுங்கள். குழி இருந்தால், விளக்கு எரியாவிட்டால், கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் தேதியையும் நேரத்தையும் புகார்ப் பதிவேட்டில் எழுதி, எண்ணிட்ட ரசீதை வாங்குங்கள். ஆவணம் இல்லை, பதிவேடு இல்லை என்று சொன்னால், அந்தப் பதிலைக் குறிப்பிட்டு, நெடுஞ்சாலை ஆணையத்துக்குத் தகவல் உரிமை மனு எழுதி அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. நாம் கட்டும் பணத்துக்குக் கணக்குக் கேட்பதற்கு எவருடைய அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை.